பாஸ்வேர்டு சரி, ஆனாலும் லாகின் பக்கமே திரும்பி வருகிறது: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

பாஸ்வேர்டு தவறாக இருந்தால் தளம் அதைச் சொல்லிவிடும். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும், பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கும், ஏதோ ஒன்று நடக்கும். இங்கே பேசப்போவது அதைப் பற்றி இல்லை. பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து உள்ளே போகும் பொத்தானை அழுத்துகிறீர்கள். பக்கம் ஒரு நொடி யோசிக்கிறது. அப்புறம் ஒரு குறையும் சொல்லாமல் அதே லாகின் பக்கம், காலிப் பெட்டிகளோடு, புதிதாகப் பார்ப்பதுபோல வந்து நிற்கிறது. மறுபடி அடித்தாலும் அதேதான்.

இந்த மௌனம்தான் முதல் தடயம். சர்வர் உங்கள் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டுவிட்டது என்றே பெரும்பாலும் இதற்கு அர்த்தம். சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அதனால் பாஸ்வேர்டை மாற்றக் கிளம்பாதீர்கள். மாற்றினால் பல தளங்கள், நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்து வைத்திருக்கும் பழைய அமர்வுகள் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடும். இதுவரை ஒழுங்காக இருந்த போனிலும் இன்னொரு கணினியிலும் செல்லாத குக்கிகள் உட்கார்ந்துகொள்ளும். ஒரு இடத்தில் இருந்த தொல்லை மூன்று இடமாகிவிடும்.

லாகின் என்பது இரண்டு வாசல்கள். முதல் வாசலில் பாஸ்வேர்டைப் பார்த்து ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டாவது வாசலில் இருப்பவருக்குப் பாஸ்வேர்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, சீட்டைத்தான் கேட்பார். சீட்டு இல்லை என்றாலும், பழைய சீட்டை நீட்டினாலும், சீட்டில் போட்ட நேரம் தாண்டியிருந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: முதல் வாசலுக்குப் போ. அந்தச் சீட்டைத்தான் குக்கி என்றும் டோக்கன் என்றும் சொல்கிறோம். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியும் இந்தச் சீட்டுக்கு வழியில் என்ன ஆனது என்பதைத்தான் காட்டுகிறது.

## முதலில் ஒரே ஒரு சோதனை

பிரவுசரில் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து அதில் லாகின் செய்து பாருங்கள். குரோமில் Incognito, ஃபயர்பாக்ஸில் Private Window என்று இருக்கும். ஏற்கெனவே அப்படி ஒரு சாளரம் திறந்திருந்தால் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். திறந்திருக்கும் தனிப்பட்ட சாளரங்கள் தங்களுக்குள் குக்கிகளைப் பகிர்ந்துகொள்ளும்; இதை மறந்துவிட்டால் சோதனையே பொய்யாகிவிடும்.

அதில் ஒழுங்காக உள்ளே போகிறது என்றால் உங்கள் வழக்கமான பிரவுசரில் ஏதோ பழையது தங்கியிருக்கிறது. அதிலும் சுற்றுகிறது என்றால் பழைய குக்கியின் மேல் பழி போட முடியாது. கடிகாரம், குக்கித் தடை, சர்வர் என்று தேட வேண்டும். இடையில் ஒரு சந்தேகம் உண்டு. தனிப்பட்ட சாளரத்தில் நீட்சிகள் பொதுவாக இயங்காது. ஆகவே அங்கே வேலை செய்து, வழக்கமான சாளரத்தில் குக்கிகளை அழித்த பிறகும் சுற்றினால், விளம்பரத் தடுப்பு போன்ற நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

## அறிகுறி: தனிப்பட்ட சாளரத்தில் போகிறது, வழக்கமானதில் போகவில்லை

எல்லாவற்றையும் அழித்துவிடு என்பதுதான் எங்கும் கிடைக்கும் ஆலோசனை. அது வேலை செய்யும். கூடவே மற்ற எல்லாத் தளங்களிலிருந்தும் உங்களை வெளியே தள்ளும். ஒரு தளத்தின் குப்பையை எடுக்க வீட்டையே காலி செய்ய வேண்டாம்.

குரோமிலும் எட்ஜிலும் அந்தத் தளத்தின் பக்கத்தில் நின்று F12 அழுத்தி, `Application` பகுதியில் `Storage` என்பதற்குப் போனால் `Clear site data` என்ற பொத்தான் இருக்கும். ஃபயர்பாக்ஸில் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள பூட்டுப் படத்தை அழுத்தினால் அந்தத் தளத்தின் குக்கிகளை மட்டும் அழிக்கும் வழி வரும். படங்களும் கோப்புகளும் இருக்கும் கேஷை அழிப்பது வேறு விஷயம். அதை மட்டும் அழித்துவிட்டு "எல்லாம் அழித்தாயிற்று, இன்னும் சரியாகவில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

அழிப்பதற்கு முன் அந்தத் தளம் திறந்திருக்கும் மற்றத் தாவல்களை மூடிவிடுங்கள். திறந்து கிடக்கும் ஒரு தாவல் தன் நினைவில் வைத்திருக்கும் பழைய டோக்கனை நீங்கள் அழித்த இடத்திலேயே மறுபடி எழுதி வைக்கக்கூடும். லாகின் பக்கம் வேறொரு முகவரியில் இருந்தால், உதாரணமாகத் தளம் `app.example.com`, லாகின் `login.example.com` என்றால், இரண்டிலும் அழிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அழிப்பது பாதி வேலை.

அப்புறம் தளத்தின் முதன்மை முகவரியைக் கையால் அடித்துப் போங்கள். புத்தகக்குறியை அழுத்த வேண்டாம். பலர் லாகின் பக்கத்தையே புத்தகக்குறியாக வைத்திருப்பார்கள். அதன் முகவரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். `state=` அல்லது `nonce=` என்று தொடங்கி நீளமாக ஏதாவது இருந்தால் அது அந்த ஒரு லாகின் முயற்சிக்காக மட்டும் உண்டாக்கப்பட்ட குறியீடு. மூன்று மாதம் கழித்து அதே முகவரிக்குப் போய் லாகின் செய்தால் பாஸ்வேர்டு ஒத்துப்போகும், ஆனால் திரும்பி வரும்போது அந்தக் குறியீட்டுக்கு ஜோடியான குக்கி இருக்காது. தளம் உங்களை நம்பாமல் முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். குக்கியை எத்தனை முறை அழித்தாலும் இது தீராது. புத்தகக்குறியை மாற்றினால் ஒரே நொடியில் தீரும்.

## அறிகுறி: அழித்தால் சரியாகிறது, ஆனால் சிலருக்கு மட்டும் ஏன் வந்தது?

இந்த வகைக் கோளாறில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிடித்தது என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அப்படி இல்லை.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஊழியர்களுக்கான உள் தளம் ஒன்று இருந்தது. இங்கே அதன் முகவரியை `app.example.com` என்று வைத்துக்கொள்வோம். கூடவே அறிக்கைகளுக்கு `reports.example.com` என்று இன்னொன்று தொடங்கினார்கள். ஒரு முறை லாகின் செய்தால் இரண்டிலும் போக வேண்டும் என்பதற்காகக் குக்கியில் `Domain=example.com` என்ற ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். சோதித்தவர்கள் எல்லாருக்கும் வேலை செய்தது. மறுநாள் காலை பாதிப் பேர் உள்ளே போக முடியவில்லை என்றார்கள். மீதிப் பேருக்கு ஒரு சிக்கலும் இல்லை. பாஸ்வேர்டு மாற்றியவர்களும் உள்ளே போக முடியவில்லை.

ஒருவரின் கணினியில் F12 அழுத்தி `Network` பகுதியைத் திறந்தோம். அங்கே `Preserve log` என்ற பெட்டியில் குறியிட வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் மாறும்போது பழைய வரிகள் அழிந்துவிடும், நமக்கு வேண்டியதே அந்த வரிகள்தான். பிறகு லாகின் செய்யச் சொன்னோம். பாஸ்வேர்டு போன கோரிக்கைக்குச் சர்வர் தந்த பதில் இது:

```
HTTP/1.1 302 Found
Location: /home
Set-Cookie: sid=NEW77; Domain=example.com; Path=/; Secure; HttpOnly
```

302 என்றால் அங்கே போ என்று அனுப்புவது. `/home` பக்கத்துக்கு அனுப்புகிறது, புதிய சீட்டும் கொடுக்கிறது. பாஸ்வேர்டு ஒத்துக்கொள்ளப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அடுத்த வரியில் `/home` பக்கத்தைக் கேட்டு பிரவுசர் அனுப்பியது:

```
GET /home HTTP/1.1
Host: app.example.com
Cookie: sid=OLD12; sid=NEW77
```

ஒரே பெயரில் இரண்டு குக்கிகள். இதற்கு வந்த பதில் மறுபடி 302, `Location: /login`.

ஒரு பெயருக்கு ஒரு குக்கிதான் இருக்கும், புதியது பழையதை மேலெழுதிவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிரவுசர் அப்படி நினைப்பதில்லை. அதற்குக் குக்கியின் அடையாளம் என்பது பெயர், டொமைன், பாதை மூன்றும் சேர்ந்தது. `Domain` குறிப்பிடாமல் வைத்த பழைய `sid` என்பது `app.example.com` ஒன்றுக்கு மட்டும் உரியது. `Domain=example.com` என்று வைத்த புதிய `sid` வேறொரு குக்கி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இரண்டும் இந்தத் தளத்துக்குப் பொருந்தும், ஆகவே இரண்டையும் பிரவுசர் அனுப்புகிறது.

எது முன்னால் போகும் என்பதற்கும் விதி உண்டு. குக்கிகளுக்கான 2011ஆம் ஆண்டின் RFC 6265 ஆவணம், நீளமான பாதை உள்ள குக்கி முதலில், பாதை சம நீளம் என்றால் முன்பு உண்டானது முதலில் என்று சொல்கிறது. இங்கே இரண்டுக்கும் பாதை `/`. ஆக, பழையது எப்போதும் முன்னால் நிற்கும். சர்வர் பக்கத்தில் சில மொழிகளும் நூலகங்களும் ஒரே பெயரில் இரண்டு வந்தால் முதலில் உள்ளதை எடுத்துக்கொள்ளும், சில கடைசியில் உள்ளதை. PHP முதலாவதை எடுக்கும், ஜாங்கோ கடைசியை. எங்கள் தளம் முதலாவதை எடுக்கும் வகை. அது `OLD12` என்ற காலாவதியான அமர்வைத் தேடியது, கிடைக்கவில்லை, லாகினுக்கு அனுப்பியது. உண்மையான சீட்டு பின்னால் நின்றுகொண்டே இருந்தது.

ஏன் பாதிப் பேர் மட்டும்? என்னை நினைவில் வை என்ற பெட்டியில் குறியிட்டவர்களுக்குக் குக்கி 30 நாள் தங்கும். குறியிடாதவர்களின் குக்கி பிரவுசரை மூடியதும் போய்விடும். மறுநாள் அவர்களிடம் பழையது இல்லை. சோதித்தவர்களோ தனிப்பட்ட சாளரத்தில் சோதித்தார்கள். அவர்கள் கண்ணுக்கு இது படவே வாய்ப்பில்லை.

இன்னொரு கொடுமை, வெளியேறும் பொத்தானும் உதவவில்லை. உள்ளே போக முடியாதவர் எப்படி வெளியேறுவார் என்பது இருக்கட்டும். வெளியேறும் முகவரியை நேரடியாக அடித்துப் பார்த்தோம். அது `Domain=example.com` குக்கியை மட்டும் அழித்தது. குக்கியை அழிப்பது என்பது உண்மையில் அதே பெயர், டொமைன், பாதையோடு காலாவதியான ஒரு குக்கியை வைப்பதுதான். டொமைன் மாறினால் பழையதை அது தொடவே தொடாது.

உங்களுக்கும் இதுவா என்று பார்க்க `Application` பகுதியில் `Cookies` அட்டவணையைத் திறந்து பெயர் வரிசையில் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு வரிகளில் இருந்து, `Domain` பத்தியில் ஒன்றில் `app.example.com`, இன்னொன்றில் முன்னால் புள்ளியோடு `.example.com` என்று இருந்தால் அதுதான். டொமைன் ஒன்றாக இருந்து `Path` மட்டும் வேறாக, ஒன்றில் `/`, ஒன்றில் `/app` என்று இருந்தாலும் இதே கதைதான். அப்போது வயது பார்க்காமல் `/app` முன்னால் வரும். பழைய வரியை மட்டும் தேர்ந்து அழித்துவிட்டுப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே போய்விட்டால் காரணம் உறுதி. `Console` பகுதியில் `document.cookie` என்று அடித்துத் தேடாதீர்கள். `HttpOnly` குறி உள்ள குக்கிகள் அதில் தெரியாது, அமர்வுக் குக்கிகள் பெரும்பாலும் அந்தக் குறியோடுதான் இருக்கும்.

தளத்தை நடத்துபவராக இருந்தால் ஒவ்வொருவரையும் இப்படி அழிக்கச் சொல்வது நடக்காத காரியம். லாகின் பதிலோடு பழைய வடிவத்தை அழிக்கும் ஒரு வரியைச் சேர்க்கலாம்:

```
Set-Cookie: sid=; Path=/; Max-Age=0
```

இதில் `Domain` இல்லை என்பதுதான் விஷயம்; அதனால் பழைய குக்கியை மட்டும் இது அழிக்கும். நாங்கள் இதைவிடச் சோம்பேறித்தனமான வழியை எடுத்தோம். குக்கியின் பெயரை `sid2` என்று மாற்றினோம். பழைய `sid` கிடந்துவிட்டுப் போகட்டும், அதைப் படிப்பார் இல்லை. இரண்டு தளங்களுக்குப் பொதுவான குக்கி தேவையில்லை என்றால் பெயரை `__Host-sid` என்று வைப்பது இன்னும் உறுதி. அந்த முன்னொட்டு இருந்தால் `Domain` வைக்கவும் முடியாது, பாதையும் `/` ஆகத்தான் இருக்க வேண்டும், `Secure` கட்டாயம். மீறினால் பிரவுசர் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே அந்தப் பெயரில் இரட்டை வர வழியே இல்லை.

## அறிகுறி: ஒன்றும் அடிக்காமலே பக்கம் தானாக மினுக்கிக்கொண்டே இருக்கிறது

லாகின் பக்கம், முகப்பு, லாகின் பக்கம், முகப்பு என்று கண் முன்னே மாறி மாறிச் சுற்றும். பெயர் அடிக்கக்கூட நேரம் தராது. இதில் இரண்டு வகை. சர்வரே மாறி மாறி அனுப்பினால் பிரவுசர் கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய் நிறுத்திவிடும். குரோம் 20 முறைக்குப் பிறகு `ERR_TOO_MANY_REDIRECTS` என்று காட்டும். அது வராமல் நிற்காமல் சுற்றினால் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்தான் சுற்றவைக்கிறது. அதற்குக் கணக்கு வைப்பவர் யாரும் இல்லை.

இரண்டாவது வகையில் டோக்கன் பெரும்பாலும் குக்கியில் இருக்காது, `localStorage` என்ற இடத்தில் இருக்கும். அதற்குக் காலாவதி என்பதே கிடையாது. யாராவது அழிக்கும்வரை அப்படியே இருக்கும். லாகின் பக்கம் எட்டிப் பார்க்கிறது: டோக்கன் இருக்கிறதே, அப்படியானால் இவர் உள்ளே இருப்பவர், முகப்புக்குப் போகட்டும். முகப்பு அந்த டோக்கனோடு சர்வரிடம் தரவு கேட்கிறது. டோக்கனின் நேரம் முடிந்துவிட்டதால் சர்வர் 401 என்கிறது, அதாவது இந்தச் சீட்டு செல்லாது என்கிறது. உடனே முகப்பு லாகினுக்கு அனுப்புகிறது. லாகின் மறுபடி எட்டிப் பார்க்கிறது: டோக்கன் இருக்கிறதே. ஒருவர் இருக்கிறதா என்று பார்க்கிறார், இன்னொருவர் செல்லுமா என்று பார்க்கிறார். இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் சுழல் உண்டாகிறது.

டோக்கன் உண்மையில் முடிந்துவிட்டதா என்பதை நீங்களே படிக்கலாம். புள்ளிகளால் பிரிந்த மூன்று துண்டுகளாக, `eyJ` என்று தொடங்கினால் அது பெரும்பாலும் JWT வகை. நடுத்துண்டில் காலாவதி நேரம் இருக்கும். `Application` பகுதியில் அது எந்தப் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, `Console` பகுதியில் இதை ஒவ்வொரு வரியாக அடியுங்கள். இங்கே பெயர் `token` என்று வைத்திருக்கிறேன்:

```
let t = localStorage.getItem('token').split('.')[1];
JSON.parse(atob(t.replace(/-/g,'+').replace(/_/g,'/'))).exp
Math.floor(Date.now() / 1000)
```

இரண்டாவது வரி தருவது டோக்கன் முடியும் நேரம், மூன்றாவது இப்போதைய நேரம். இரண்டும் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள். முதல் எண் சிறியதாக இருந்தால் டோக்கன் முடிந்துவிட்டது. இதைச் செய்ய டோக்கனை வெளியில் உள்ள ஏதோ ஒரு தளத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டாம். முடியாத டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நீங்கள் என்று சர்வர் நம்பும்.

`localStorage.removeItem('token')` என்று அடித்துப் பக்கத்தைப் புதுப்பித்தால் சுழல் நிற்கும். நேரம் முடிந்த டோக்கனுக்குப் பதில் புதியது வாங்க உதவும் புதுப்பிப்பு டோக்கன் தனியாக வேறு பெயரில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். நிரலை எழுதுபவர் செய்ய வேண்டியது இன்னும் எளிது: 401 வந்தால் ஒரே ஒரு முறை புதுப்பித்துப் பார்ப்பது, அதுவும் தோற்றால் முதலில் டோக்கனை அழித்துவிட்டு அப்புறம் லாகினுக்கு அனுப்புவது. இந்த வரிசை மாறினால் மறுபடி மினுக்கல்தான்.

இதே இடத்தில் ஒரு பழைய பொறி உண்டு. `exp` நொடிகளில், பத்து இலக்கம். `Date.now()` தருவது மில்லிநொடிகளில், பதின்மூன்று இலக்கம். வகுக்க மறந்து இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் எல்லா டோக்கனும், இந்த நொடியில் பிறந்ததுகூட, எப்போதோ செத்துப்போனதாகத் தெரியும். ஒரே ஒருவருக்கு இல்லாமல் எல்லாருக்கும், எல்லாச் சாதனங்களிலும், புதிய பதிப்பு வெளியான நாளிலிருந்து லாகின் சுற்றுகிறது என்றால் இதை முதலில் பார்ப்பேன்.

## அறிகுறி: தனிப்பட்ட சாளரத்திலும் சுற்றுகிறது, அடுத்தவர் கணினியில் போகிறது

கடிகாரத்தைப் பாருங்கள். பல செயலிகள் டோக்கன் முடிந்துவிட்டதா என்பதைச் சர்வரைக் கேட்காமல் உங்கள் சாதனத்தின் கடிகாரத்தை வைத்தே முடிவு செய்கின்றன. டோக்கனின் ஆயுள் 15 நிமிடம், உங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்றால், வாங்கிய கணத்திலேயே அது 45 நிமிடம் முன்பு முடிந்துபோனதாகச் செயலிக்குத் தோன்றும்.

கடிகாரம் சரியான நேரம்தான் காட்டுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். நேர மண்டலம் தவறாக இருந்து, யாரோ மணியைக் கையால் திருத்தி வைத்திருந்தால் திரையில் எண் சரியாக இருக்கும். உள்ளே கணக்கு பல மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். நேரம், மண்டலம் இரண்டையுமே தானாக அமையும்படி வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். சற்று முன் சொன்ன மூன்றாவது வரியை இரண்டு கணினிகளில் ஒரே சமயத்தில் அடித்து ஒப்பிட்டாலும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

சர்வர் பக்கத்திலும் இது நடக்கும். டோக்கனைக் கொடுக்கும் சர்வரின் கடிகாரம் சரிபார்க்கும் சர்வரைவிட முன்னால் ஓடினால், டோக்கன் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று மறுப்பு வரும். இதை அடையாளம் காண்பது எளிது: லாகின் செய்த உடனே தள்ளிவிடும், ஒரு நிமிடம் கழித்துப் பக்கத்தைப் புதுப்பித்தால் உள்ளே விட்டுவிடும்.

## அறிகுறி: Set-Cookie வருகிறது, அடுத்த கோரிக்கையில் Cookie இல்லை

சீட்டு கொடுத்தார்கள், பிரவுசர் வாங்கிக்கொள்ளவில்லை. `Network` பகுதியில் அந்த வரியை அழுத்தி `Cookies` தாவலைத் திறந்தால் மறுக்கப்பட்ட குக்கியின் பக்கத்தில் ஒரு எச்சரிக்கைப் படம் இருக்கும். சுட்டியை அதன் மேல் வைத்தால் காரணத்தைச் சொல்லும். பிரவுசர் அமைப்பில் குக்கிகளை அடியோடு தடுத்திருப்பது, `Secure` குக்கியை `http://` முகவரியில் வைக்கப் பார்ப்பது இரண்டும் அங்கேயே தெரிந்துவிடும்.

தேடித் தேடி அலுத்துப்போகவைக்கும் காரணம் இன்னொன்று: அளவு. ஒரு குக்கிக்குப் பெயரும் மதிப்பும் சேர்த்து 4096 பைட் என்பதே பிரவுசர்களின் வரம்பு. டோக்கனுக்குள் ஒருவருடைய குழுக்களையும் அனுமதிகளையும் எல்லாம் எழுதி வைக்கும் தளங்களில், நிறையக் குழுக்களில் இருப்பவரின் டோக்கன் இந்த அளவைத் தாண்டிவிடும். பிரவுசர் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அதனால் புதிதாகச் சேர்ந்தவர்கள் சுலபமாக உள்ளே போவார்கள், எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகி மட்டும் வாசலில் நிற்பார். அவர் எந்தக் கணினியில் போனாலும், எந்தப் பிரவுசரில் போனாலும் அதேதான். குக்கியை அழிப்பதில் பயன் இல்லை, இல்லாத குக்கியை எங்கே அழிப்பது? நிர்வாகியின் தேவையற்ற குழுக்களை நீக்கிப் பார்ப்பது தற்காலிக வழி. டோக்கனைச் சர்வரில் வைத்துக்கொண்டு சிறிய அடையாளம் ஒன்றை மட்டும் குக்கியில் அனுப்புவதுதான் நிலையான வழி.

வேறொரு தளத்தின் கணக்கை வைத்து லாகின் செய்து திரும்பும்போது சுற்றுகிறது, ஆனால் முகவரிப் பட்டியில் சொடுக்கி Enter அழுத்தினால் உள்ளே போய்விடுகிறது என்றால் `SameSite=Strict` காரணமாக இருக்கும். குக்கி பத்திரமாக இருக்கிறது. வேறு தளத்திலிருந்து வரும் பயணத்தில் அதைக் காட்டக் கூடாது என்ற கட்டளைக்குப் பிரவுசர் கீழ்ப்படிகிறது, அவ்வளவுதான். அமர்வுக் குக்கியை `Lax` ஆக்கினால் தீரும்.

## அறிகுறி: குக்கி ஒன்றுதான், சரியாகப் போகிறது, சில நேரம் உள்ளே விடுகிறது, சில நேரம் விடவில்லை

இது உங்கள் பக்கத்துக் கோளாறு இல்லை. ஒரே தளத்தின் பின்னால் பல சர்வர்கள் இருந்து, ஒவ்வொன்றும் அமர்வைத் தன் நினைவில் மட்டும் வைத்திருந்தாலோ, டோக்கனில் கையொப்பமிடும் ரகசியச் சாவி ஒவ்வொன்றிலும் வேறாக இருந்தாலோ இப்படி ஆகும். ஒன்று கொடுத்த சீட்டு மற்றொன்றுக்குப் புரியாது. நீங்கள் செய்யக்கூடியது தளத்தை நடத்துபவருக்கு எழுதுவது மட்டும்தான்.

எழுதும்போது லாகின் ஆகவில்லை என்று மட்டும் எழுதினால் பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்கள் என்றுதான் பதில் வரும். முயன்ற நேரத்தை நேர மண்டலத்தோடு எழுதுங்கள், தனிப்பட்ட சாளரத்தில் என்ன ஆனது என்று எழுதுங்கள். பாஸ்வேர்டு போன கோரிக்கைக்கு 302 வந்தது, `Set-Cookie` வந்தது, அடுத்த கோரிக்கையில் அதே குக்கி போனது, அதற்கும் `/login` என்றே பதில் வந்தது என்ற நான்கு விஷயங்களையும் அதே வரிசையில் சொல்லுங்கள். `Network` பகுதியில் பதிவான கோரிக்கைகளையும் பதில்களையும் HAR என்ற வகைக் கோப்பாகச் சேமித்து அனுப்பச் சொன்னால், அனுப்பும் முன் அதை ஒரு எழுத்துக் கோப்பாகத் திறந்து, குக்கிகளின் மதிப்புகளையும் நீங்கள் அடித்த பாஸ்வேர்டையும் தேடி அழித்துவிடுங்கள். லாகின் கோரிக்கை அதில் முழுதாகப் பதிவாகியிருந்தால் பாஸ்வேர்டு மறைக்காத எழுத்தில் அப்படியே இருக்கும்.